கப்பல் மூன்று மணிக்குப் புறப்படுவதில்லை: கெடு வைத்த கதையை இட்டு நிரப்பாமல் எழுதுவது

ஹட்டனில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்போம். அவரவர் எழுதியதை அவரவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. சென்ற மழைக்காலத்தில் நோர்வூட் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு கதை கொண்டுவந்தார். எழுபதுகளில் தோட்டத்தைவிட்டு இந்தியாவுக்குப் போகும் ஒரு குடும்பம். தலைமன்னார் இறங்குதுறையில் நிற்கிறார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் கப்பல்.

கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்தக் கப்பலில் போன யாரோ ஒருவர் இருக்கிறார். ஆனால் நாலைந்து பக்கம் போனதும் எனக்குக் கவனம் சிதறியது. பெட்டியின் கயிறு அறுந்தது, மறுபடி கட்டினார்கள். சின்னப் பிள்ளை காணாமல் போனான், கிடைத்துவிட்டான். பாஸ்போர்ட்டைக் காணவில்லை, உள்பையில் இருந்தது. மழை பிடித்தது, விட்டது. கடைசியில் இரண்டு நிமிடம் இருக்கும்போது எல்லோரும் ஓடிப்போய் ஏறினார்கள்.

வாசித்து முடித்த தம்பி கேட்டார்: “விறுவிறுப்பு காணாதுண்ணே, இல்லையா? இன்னும் ரெண்டு தடங்கல் போடவா?”

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. “நேரம் குறைவு, தடங்கல் அதிகம், அதுதான் விறுவிறுப்பு” என்று கதை எழுதுகிறவர்கள் பலரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் நல்ல கதைகள் ஊதிப் பெருத்துப்போகின்றன.

இரண்டு சொற்களை முதலில் வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்துக்குள் ஒரு காரியம் முடிந்தாக வேண்டும், முடியாவிட்டால் திருத்த முடியாத இழப்பு வரும் என்றால் அந்த நேர எல்லையைக் கெடு என்கிறேன். நேரத்தைக் கடத்துவதற்காக மட்டும் கதைக்குள் போடப்படும் சம்பவத்தை நிரப்பல் என்கிறேன்.

## அந்திக் கொழுந்து நிறுக்கும் முன்

கப்பலை விட்டுவிட்டு மலைக்கு வருவோம்.

கொழுந்து எடுக்கும் ஒரு பெண். அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழப் பதினெட்டுக் கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தால் அரைப்பேர். அந்தி நிறுவை நாலரைக்கு. மணி மூன்றாகும்போது அவளுக்கு இன்னும் ஆறு கிலோ குறைகிறது.

மூன்று மணிக்கு அவளுக்கு மூன்று வழி இருக்கிறது. மேல்மலையில் கொழுந்து செழித்து நிற்கிறது, ஏறிப்போகக் கால் மணி நேரம் ஆகும், போனால் ஆறு கிலோ எடுத்துவிடலாம். இல்லையென்றால் நிற்கிற நிரையிலேயே எடுக்கலாம், ஆனால் காலையில் கை பட்ட செடிகள், கொழுந்து சொற்பம். அதுவும் இல்லையென்றால் பக்கத்து நிரையில் இருக்கும் அக்காவிடம் கேட்கலாம், அவள் கூடை நிறைந்து கிடக்கிறது.

மூன்றே முக்காலுக்கு மேல்மலை அவளுக்கு இல்லை. ஏறிப்போகவும் அங்கிருந்து நிறுவைக்கு இறங்கி வரவும் அரை மணி போய்விடும், எடுக்கக் கால் மணிதான் மிஞ்சும். மலை அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் அவளுக்கு அது அடைத்துவிட்டது. நாலு மணிக்கு நிற்கிற நிரையும் பயனில்லாமல் போகிறது, எவ்வளவு வேகமாகக் கை ஓடினாலும் கிலோ சேராது. மிஞ்சியது அக்கா. அந்த அக்காவோடு போன வாரம் குழாயடியில் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால்?

கதை அந்த இடத்தில் வந்து நிற்கிறது. எந்தக் குளவியும் கொட்டவில்லை, யாரும் சறுக்கி விழவில்லை. நேரம் போகப் போக வழிகள் ஒவ்வொன்றாக அடைத்து, அவள் எதைச் செய்ய விரும்பவில்லையோ அந்த ஒன்று மட்டும் எதிரே மிஞ்சிவிட்டது. வாசிப்பவர் மனம் நாலரை மணி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எது இன்னும் திறந்திருக்கிறது, எது அடைத்துவிட்டது என்பதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒரு குறிப்பிட்ட நேரம் வரைக்கும் மட்டும் திறந்திருக்கும் வழியை வாசல் என்று சொல்லப்போகிறேன். இந்தக் கட்டுரைக்குத் தேவையான சொற்கள் இந்த மூன்றும்தான்.

## கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது

தம்பியின் கதையில் கப்பல் மூன்று மணிக்குப் புறப்படுகிறது. (மணியெல்லாம் கதைக்காக வைத்தது, பழைய நேர அட்டவணை என்று நினைத்துவிட வேண்டாம்.) இரண்டு மணிக்குக் கதை தொடங்குகிறது. இடையில் அறுபது நிமிட வெளி. அந்த வெளியைப் பார்த்ததும் எழுதுகிறவருக்குப் பயம் வருகிறது. இதில் எதையாவது போட வேண்டுமே என்று கயிறும் மழையும் தொலைந்த பிள்ளையும் வருகின்றன.

ஆனால் எந்தக் கப்பலும் ஒரே கணத்தில் புறப்படுவதில்லை. முதலில் பெட்டி ஏற்றுவதை நிறுத்துவார்கள். பிறகு கடவுச்சீட்டுப் பார்க்கும் மேசையை மூடுவார்கள். பிறகு ஏணியைத் தூக்குவார்கள். பிறகு கட்டியிருக்கும் வடத்தை அவிழ்ப்பார்கள். சங்கு ஊதுவது இதற்கெல்லாம் பிறகு. மூன்று மணிக் கப்பல் இரண்டு இருபதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ரயிலும் அப்படித்தான், பரீட்சை மண்டபமும் அப்படித்தான், வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்கும் நேரமும் அப்படித்தான். ஒரு பெரிய கெடுவை உடைத்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து சின்னக் கெடுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாசலை அடைக்கும்.

இதைப் பார்க்காதவர்தான் நிரப்புகிறார். அவருக்குக் கடைசி வாசல் மட்டுமே தெரிகிறது, அதற்கு முன்னால் எல்லாம் வெற்றிடமாகத் தெரிகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கெடு ஒன்று, வாசல் பல. நேரம் போவதால் பதற்றம் வருவதில்லை, நேரம் போவதால் வாசல் அடைவதால் வருகிறது.

## தம்பியின் கதையில் புதைந்து கிடந்தது

அவருடைய கதையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கயிறு கட்டும் அமளிக்கு நடுவே கிழவி பெட்டிமேல் உட்கார்ந்து “நா வரல” என்கிறாள். மகன் “சும்மா இரு ஆத்தா” என்கிறான். அடுத்த வரியில் பிள்ளை தொலைந்துவிடுகிறான், கிழவியை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

அந்த ஒரு வரி எவ்வளவு கனமானது என்று புரிய, பின்னணியைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தமிழர்களான நம்மவர்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேருக்கு இந்தியா, 3,00,000 பேருக்கு இலங்கை, மீதி 1,50,000 பேர் பிறகு. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியா, தங்கை இலங்கை என்று பிரிந்தார்கள். இந்தியக் குடியுரிமை கிடைத்தவர்கள் சொந்தத் தோட்டத்திலேயே தங்கும் தவணை முடிந்தவர்களாக ஆனார்கள், போயே ஆக வேண்டும். மலையிலிருந்து கோச்சியேறி, பொல்கஹவெல, மாஹோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். 1914இல் இந்தக் கப்பல் வழி தொடங்கியபோது அக்கரைத் துறை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகுதான் ராமேஸ்வரம் ஆனது.

ஆகவே “நா வரல” என்று சொல்லும் கிழவிக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இல்லை. திரும்பிப் போனால் மகளின் லயத்துக் காம்பராவில் ஒளிந்து வாழ வேண்டும். போனால் புருஷனைப் புதைத்த மண்ணை இனிப் பார்க்க மாட்டாள். இதைவிடப் பெரிய தடங்கல் எந்தக் கயிற்றில் இருக்கிறது?

## ஒரு தாளில் வாசல்களை எழுதிப் பார்த்தோம்

அன்றைக்குக் கூட்டம் முடிந்த பிறகு தம்பியும் நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டோம். கதையில் இருப்பவர்கள் மகன் செல்லையா, மனைவி ராக்கு, இரண்டு பிள்ளைகள், ஆத்தா முத்தாயி. வழியனுப்ப வந்திருக்கிறாள் மகள் பூமணி, அவளுக்கு இலங்கைக் குடியுரிமை. கைக்குழந்தையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

முதலில், இரண்டு மணிக்கு இவர்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று எழுதினோம். ஐந்து பேரும் கப்பலேறலாம். ஐந்து பேரும் போகாமல் திரும்பலாம். ஆத்தா மட்டும் பூமணியோடு திரும்பலாம். செல்லையா ஆத்தாவோடு நின்றுகொண்டு, ராக்குவையும் பிள்ளைகளையும் அனுப்பலாம். மொத்தம் நாலு.

பிறகு ஒவ்வொரு வழியும் எப்போது அடைகிறது, எதனால் அடைகிறது என்று எழுதினோம்.

பெட்டி ஏற்றுவது 2.20 வரை. குடும்பத்தின் பண்டபாத்திரம் முழுவதும் அந்த ஒரு பெட்டியில். பெட்டி கப்பலுக்குள் போய்விட்டால் ஐந்து பேரும் திரும்புவது என்பது வெறுங்கையோடு திரும்புவது. பேச்சுக்கு வாசல் திறந்திருக்கலாம், நடைமுறையில் அடைத்துவிட்டது.

திரும்பும் கோச்சி 2.30க்கு. பூமணி அதில் ஏறியாக வேண்டும். அவள் போய்விட்டால் ஆத்தாவைக் கூட்டிப்போக ஆள் இல்லை.

கடவுச்சீட்டு மேசை 2.50க்கு மூடுகிறது. 2.20க்கு இவர்களுக்கு முன்னால் பதினாலு குடும்பம் வரிசையில் நிற்கிறது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் இருபத்தெட்டு நிமிடம். மேசைக்கு வரும்போது மணி 2.48. முத்திரை விழுந்தவர் இந்த நாட்டைவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை.

தாளைப் பார்த்துத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதிலே எனக்கு நேரமே காணாதேண்ணே” என்றார். வந்தபோது நேரத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டவர் அவர்தான்.

இதில் முக்கியமாக ஒன்று கவனிக்க வேண்டும். வாசல் தானாக அடைவதைவிட, பாத்திரம் தன் கையால் அடைப்பது வலுவானது. 2.20க்குக் கூலியாள் பெட்டியைக் கேட்கிறான். ஆத்தா அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். செல்லையா பேசாமல் நிற்கிறான். ராக்குதான் மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பி, பெட்டியைத் தள்ளிவிடுகிறாள். இந்தக் கணத்தில் திரும்பிப்போகும் வழியை மூடியவள் ராக்கு, அது அவளுக்கும் தெரியும், ஆத்தாவுக்கும் தெரியும். நேரம் இங்கே ஒரு மனுஷியின் உள்ளத்தை நமக்குக் காட்டிவிட்டது. 2.30க்குக் கோச்சி அசையும்போது பூமணி ஆத்தாவை ஒருமுறை பார்க்கிறாள். “வா” என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஆத்தா போயிருப்பாள். கூப்பிடாமல் விட்டதைப் பூமணி ஆயுள் முழுக்கச் சுமப்பாள்.

## நிரப்பலைக் கண்டுபிடிக்கும் சோதனை

ஒரு சம்பவம் நிரப்பலா இல்லையா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்தச் சம்பவத்துக்கு முன்னால் திறந்திருந்த வாசல்களும், பிறகு திறந்திருக்கும் வாசல்களும் ஒன்றேயா? ஒன்றே என்றால் அது நிரப்பல்.

தம்பியின் முதல் பிரதியில் பாஸ்போர்ட் காணாமல் போய் உள்பையில் கிடைக்கிறது. முன்னால் நாலு வழி, பின்னால் அதே நாலு வழி. ஐந்து நிமிடம் போனது, ஆனால் அந்த ஐந்து நிமிடத்தால் எதுவும் அடையவில்லை. பிள்ளை தொலைந்து கிடைப்பதும் அப்படியே. வாசிப்பவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டாம் முறை ஏதாவது தொலைந்ததும், “கிடைத்துவிடும்” என்று அவர் மனம் சொல்லிவிடுகிறது. அதோடு பதற்றம் செத்துவிட்டது. கூட்டத்தில் எனக்குக் கவனம் சிதறியதும் அந்த இடத்தில்தான்.

சம்பவத்தின் அளவு இதைத் தீர்மானிப்பதில்லை, இதைத் தம்பிக்குப் புரியவைக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. கயிறு அறுவதையே எடுத்துக்கொள்வோம். அறுந்து, கட்டி, பழையபடி ஆகிவிட்டால் நிரப்பல். அதே கயிறு 2.18க்கு அறுந்து, உள்ளே வைத்துக் கட்டியிருந்த அம்மிக்கல் வெளியே விழுந்து, கூலியாள் “நேரமில்லை” என்று பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அம்மி இக்கரையில், பெட்டி அக்கரைக்கு. எழுப்பிவிடப்பட்ட ஆத்தா இப்போது அம்மியின் பக்கத்தில் போய் உட்கார்கிறாள். சம்பவம் அதேதான், கயிறும் அதேதான். ஆனால் மீளவில்லை. மீளாத தடங்கல் கதையை நகர்த்தும். மீண்டு பழைய இடத்துக்கே வரும் தடங்கல் கதையை நிறுத்திவைக்கும்.

கெடுவைத் தள்ளிப்போடுவது இன்னும் மோசம். கப்பல் பத்து நிமிடம் தாமதம் என்று அறிவிப்பது, நல்ல மனசுள்ள அதிகாரி மேசையைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பது. ஒருமுறை நீட்டிவிட்டால் அடுத்த முறை எந்த நேரத்தைச் சொன்னாலும் வாசிப்பவர் நம்பமாட்டார். கெடுவை மாற்றித்தான் தீர வேண்டும் என்றால் முன்னால் இழுங்கள்: மழை வரும்போல இருக்கிறது, மேசையை 2.40க்கே மூடுகிறார்கள். அதற்கும் கதையின் தொடக்கத்திலேயே மேகத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

சுருக்கம்: நிரப்பல் என்பது வாசல்களை மாற்றாத சம்பவம். அதை நீக்க வேண்டும், அல்லது மீளாததாக ஆக்க வேண்டும்.

## ஒரு மணி நேரமும் பத்துப் பக்கமும்

இன்னொரு தவறான எண்ணம், ஒரு மணி நேரக் கதை என்றால் அறுபது நிமிடத்தையும் காட்ட வேண்டும் என்பது. ஒரு சிறுகதையைப் பதினைந்து இருபது நிமிடத்தில் வாசித்துவிடுகிறோம். அப்படியென்றால் அந்த அறுபது நிமிடத்தில் பெரும்பகுதியைக் காட்டவே முடியாது, விட்டுத்தான் ஆக வேண்டும். உண்மையில் நமக்கு நேரம் மிஞ்சவில்லை, பற்றவில்லை.

விடுவது சுலபம். “வரிசை நகர்ந்தது” என்ற இரண்டு சொல்லில் பத்து நிமிடத்தைக் கடந்துவிடலாம். மிச்சம் பிடித்த இடத்தை வாசல் அடையும் கணங்களுக்குக் கொடுங்கள். தம்பியின் கதையில் பெட்டி போகும் இரண்டு நிமிடத்துக்கு இரண்டு பக்கம் போகலாம். கோச்சி அசையும் அரை நிமிடத்துக்கு ஒரு பக்கம் போகலாம். அதற்குப் பிறகு மேசைவரை உள்ள பதினெட்டு நிமிட வரிசைக்கு ஒரு பத்தி போதும். கணம் கனத்தால் எழுத்து மெதுவாகப் போகும், கணம் வெறுமையானால் தாவிப்போகும்.

பழைய நினைவுகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கல்யாண நாளை நினைப்பதில்லை. அங்கே நினைவைப் போட்டால் நம் தேவைக்காகப் போட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் வரிசையில் நிற்பவனுக்கு நினைக்கத்தான் நேரம் இருக்கிறது. ஒன்பது குடும்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பாவைப் புதைத்த நாளில் மலையில் பெய்த மழையைச் செல்லையா நினைக்கலாம். அது நான்கு வரியாக இருக்கட்டும், நினைவு முடியும்போது அவன் முன்னால் ஏழு குடும்பம் இருக்கட்டும்.

## கைக்கடிகாரம் இல்லாமல் நேரம் காட்டுவது

தம்பியின் பிரதியில் “மணி இரண்டு பதினைந்து”, “மணி இரண்டு இருபத்தைந்து” என்று பதினோரு இடத்தில் வந்தது. எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு கண் அதைத் தாண்டிப்போய்விடுகிறது.

அந்தக் குடும்பத்தில் யார் கையில் கடிகாரம் இருந்திருக்கும்? காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்புச் சத்தம், தேயிலை ஸ்டோர் சங்கு, மலைமுகட்டில் வெயில் இறங்கும் இடம், இவற்றால் நேரம் அறிந்தவர்கள் அவர்கள். இறங்குதுறையில் தப்பும் இல்லை, மலையும் இல்லை, கண்ணுக்கெட்டிய வரை தட்டை மணல். அவர்கள் நேரத்தைத் தெரிந்துகொள்ள அங்கே என்ன இருக்கிறது? குவித்து வைத்த பெட்டிகள் குறைகின்றன. வரிசையில் முன்னால் நிற்கும் முதுகுகள் குறைகின்றன. கோச்சிப் பெட்டிகளின் கதவுகள் ஒவ்வொன்றாக அடிபடுகின்றன. ஏணிப்பக்கம் நின்ற இரண்டு ஆட்களில் ஒருவன் குனிந்து வடத்தைத் தொட்டுப்பார்க்கிறான்.

இவற்றில் ஒரு வசதி இருக்கிறது. கடிகாரம் மணியை மட்டும் சொல்லும். குறையும் பெட்டிக்குவியல் மணியையும் சொல்லும், எந்த வாசல் அடையப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். கதையின் தொடக்கத்தில் ஒருமுறை, “மூணு மணிக்குக் கப்பல், ரெண்டு அம்பதுக்கு மேசைய மூடிருவாங்க” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். பிறகு எண்ணே தேவையில்லை, முதுகுகளை எண்ணினால் போதும்.

ஆனால் எழுதுகிறவரிடம் எண்கள் சரியாக இருக்க வேண்டும். தாளில் பதினாலு குடும்பம், இரண்டு நிமிடம் என்று எழுதியிருப்பதால்தான் 2.30க்கு ஒன்பது குடும்பம் என்று என்னால் சொல்ல முடிகிறது. கோச்சி போன பிறகும் முன்னால் பதினாலு குடும்பம் நிற்பதாக எழுதிவிட்டால், கணக்குப் போடாத வாசகருக்கும் ஏதோ உறுத்தும். நடைக்கும் இதே கவனம் வேண்டும். சுமையில்லாத ஆள் நிமிடத்துக்கு எழுபது எண்பது மீட்டர் நடப்பான். வெறுங்காலோடு மணலில் வரும் கிழவிக்கு அதில் பாதி கூட முடியாது. இருநூறு மீட்டரை இருவரும் ஒரே நேரத்தில் கடந்தால் கெடு பொய்யாகிவிடும்.

## எங்கே நிறுத்துவது

கெடு வைத்த கதை கெடுவரைக்கும் ஓட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி நிமிடம், கடைசி ஓட்டம், சங்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி வாசல் எப்போது அடைகிறதோ அப்போது கதை முடிந்துவிட்டது. இந்தக் கதையில் கடைசி வாசல் ஏணி இல்லை, முத்திரை. மேசையில் 2.48க்கு முத்திரை விழுந்த பிறகு ஏணிக்கு ஓடுவதில் முடிவு செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எழுதினால் அதுவும் நிரப்பல்தான், எவ்வளவு வேகமாக ஓடினாலும்.

எல்லாக் கதைக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசல்களை எழுத உட்கார்ந்து ஒரே ஒரு வழிதான் வருகிறது என்றால், கெடு அந்தக் கதைக்கு வேண்டாத உடுப்பு. வழியனுப்பும் சோகத்தை மட்டும் எழுத விரும்புகிறவர் கப்பலை எத்தனை மணிக்கும் புறப்பட விடலாம், நேரத்தையே சொல்லாமலும் விடலாம். தேர்வு இல்லாத இடத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டால்தான் தடங்கல் தேடி அலைய வேண்டிவருகிறது.

தம்பி இரண்டு மாதம் கழித்துப் புதிய பிரதியை வாசித்தார். பாதியாகக் குறைந்திருந்தது. பாஸ்போர்ட் தொலையவில்லை, பிள்ளை தொலையவில்லை, மழை இல்லை. கயிறு அறுந்தது, கட்டவில்லை. கோச்சி போனது. அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவை விட்டுவிட்டு வரிசை மெல்ல முன்னால் போகிறது, செல்லையா ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்க்கிறான். முன்னால் மூன்று குடும்பம், இரண்டு, ஒன்று. மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்கிறார், “எத்தனை பேர்?”

செல்லையா வாயைத் திறக்கவில்லை. நாலு என்றால் ஒன்று, ஐந்து என்றால் ஒன்று.

“அஞ்சு பேருங்க ஐயா,” என்கிறது பின்னாலிருந்து ஆத்தாவின் குரல்.

அதோடு வாசிப்பை நிறுத்தித் தாளை மடித்துவிட்டார்.